மேட்டூர் தாமதமாகத் திறந்த வருஷமும் மலிவு ரோலும்: ஆன்டி டம்பிங் மனு போட்டபோது தெரிந்துகொண்டவை

நெல் அரவை மில்லில் உமி நீக்கும் இயந்திரத்துக்குள் இரண்டு ரப்பர் ரோல்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்றும். நெல் அவற்றுக்கு நடுவே விழும்போது உமி உரியும். ரப்பர் தேயத் தேய ரோலை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். டெல்டாவில் அந்த ரோலைத்தான் நாங்கள் செய்கிறோம். ஒரு வெளிநாட்டு ரோல் எங்கள் விலைக்குக் கீழே வந்து இறங்க ஆரம்பித்ததும், சில யூனிட்கள் சேர்ந்து அந்த ரோலுக்குக் கூடுதல் வரி போடக் கோரி, டெல்லியில் உள்ள வர்த்தகத் தீர்வுகள் தலைமை இயக்குநரகமான டிஜிடிஆரில் ஆன்டி டம்பிங் மனு போட முடிவு செய்தோம். காகித வேலை முழுக்க என் தலையில் விழுந்தது. ஆலோசகர் இருந்தும் சரியான வழிகாட்டல் இல்லை. மனுவுக்கு அரசுக் கட்டணம் கிடையாது. ஆனாலும் இறக்குமதித் தரவு, காஸ்ட் அக்கவுன்டன்ட் சான்று, ஆலோசகர் முன்பணம் என்று ஏழு லட்சத்துக்கு மேல் கரைந்தது. மனு விசாரணைக்கு எடுக்கப்படாமலே காலாவதியானது. அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. இதே பாதையில் வரப்போகிற சின்ன யூனிட்காரர்களுக்குப் பயன்படட்டும் என்று வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டுக்காரன் தன் நாட்டில் விற்கும் விலையைவிடக் குறைத்து இங்கே அனுப்புகிறான் என்று நிரூபித்தால் மட்டும் வரி வந்துவிடாது. சட்டம் மூன்று விஷயங்களைத் தனித்தனியாகக் கேட்கிறது. டம்பிங் நடந்ததா, உள்நாட்டுத் தொழிலுக்குக் கணிசமான பாதிப்பு உண்டா, அந்தப் பாதிப்பு இந்த டம்பிங்கால்தான் வந்ததா. சுங்கத் தீர்வைச் சட்டம் 1975-இன் 9ஏ பிரிவும் 1995-ஆம் ஆண்டு விதிகளும் இதற்கு அடிப்படை. அந்த விதிகளின் இரண்டாம் இணைப்பில்தான் பாதிப்பும் காரணத் தொடர்பும் இருக்கின்றன. எல்லாரும் முதல் கேள்விக்கே மூச்சைச் செலவழிக்கிறார்கள். மனு விழுவது பெரும்பாலும் மூன்றாவது கேள்வியில்.

அதற்கும் முன்னால் ஒரு வாசல் இருக்கிறது: மனு போட உங்களுக்குத் தகுதி உண்டா என்பது. ஆதரிக்கிற யூனிட்களின் உற்பத்தி, இந்தியாவின் மொத்த உற்பத்தியில் குறைந்தது 25 சதவீதம் இருக்க வேண்டும். ஆதரவோ எதிர்ப்போ தெரிவித்தவர்களின் கூட்டு உற்பத்தியில் ஆதரிப்பவர்களின் பங்கு பாதிக்கு மேல் இருக்க வேண்டும். பெரிய கம்பெனிகள் நாலைந்து மட்டும் உள்ள தொழிலில் இது ஒரு நாள் வேலை. எங்களைப் போல ஊருக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கிற தொழிலில் மொத்த உற்பத்தி எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு மாநிலத்திலும் உள்ள யூனிட்டுக்குப் போன் போட்டு, கடிதம் வாங்கி, பதில் தராதவர்களின் உற்பத்தியை எப்படி மதிப்பிட்டோம் என்று தனிக் குறிப்பு எழுதினேன். எங்கள் குழுவிலேயே ஒருவர் தன் பிராண்டு ஸ்டிக்கர் ஒட்டி அதே வெளிநாட்டு ரோலை விற்றுக்கொண்டிருந்தது இந்தக் கட்டத்தில்தான் வெளியே வந்தது. “அண்ணே, வியாபாரம் நடக்கணும்ல, நான் வேற என்ன செய்வேன்?” என்றார். அவர் நிலைமை எனக்குப் புரிந்தது. ஆனால் டம்பிங் ஆன பொருளைத் தானே இறக்குமதி செய்பவரை உள்நாட்டுத் தொழில் என்ற கணக்கிலிருந்து அதிகாரி விலக்கலாம். அவரை எடுத்துவிட்டால் 25 சதவீதம் தேறுமா என்பதைக் கையெழுத்து வாங்குவதற்கு முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது இறக்குமதித் தரவு. ரோலுக்கென்று தனிச் சுங்கக் குறியீடு எங்களுக்குக் கிடைக்கவில்லை. ரப்பர் பொருள்களின் 4016-இல் ‘இதர’ என்ற குவியலுக்குள் ஒரு பகுதி இருந்தது. அரவை இயந்திர உதிரிபாகம் என்று 8437-இல் ஒரு பகுதி இருந்தது. ஒவ்வொரு வரியாகப் படித்துத்தான் பிரிக்க வேண்டும். ஒரு வரியில் அளவு எண்ணிக்கையில் இருக்கும், அடுத்த வரியில் கிலோவில் இருக்கும். பத்து அங்குல ரோலும் ஆறு அங்குல ரோலும் ஒரே இன்வாய்ஸில் கலந்து கிடக்கும். உள்ளே இருக்கும் டிரம் அலுமினியமா வார்ப்பிரும்பா என்பதைப் பொறுத்து எடை மாறிவிடும் என்பதால் கிலோவை எண்ணிக்கையாக மாற்றுவதற்கு ஒரே ஒரு விகிதம் போதாது. நான் அளவு வாரியாக, டிரம் வாரியாக எங்கள் ரோலையும் அவர்கள் ரோலையும் தராசில் வைத்து எடை போட்டு, புகைப்படத்தோடு ஒரு அட்டவணை செய்தேன். பிரித்த முறையை எழுதி வையுங்கள். எந்த வரியைச் சேர்த்தோம், எதை விட்டோம், ஏன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் குத்துவது அந்த இடத்தைத்தான்.

விலை ஒப்பீட்டுக்கு வருவோம். வணிக ரகசியம் என்பதால் இங்கிருந்து நான் தரும் விலை, விற்பனை எண்கள் எல்லாம் கணக்குப் புரிவதற்காக மாற்றியவை. கணக்கின் போக்கைப் பாருங்கள். வெளிநாட்டு ரோல் துறைமுகத்துக்கு வந்து சேரும் மதிப்பு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படைச் சுங்க வரி 10 சதவீதம் என்றால் 100 ரூபாய், அதன் மேல் சமூகநலக் கூடுதல் வரி 10 ரூபாய். ஆக, லேண்டட் விலை 1,110. எங்கள் ஆலை வாசல் விலை, ஜிஎஸ்டி இல்லாமல், தள்ளுபடி கழித்து, 1,250. வித்தியாசம் 140 ரூபாய், லேண்டட் விலையில் 12.6 சதவீதம். இதுதான் விலைக் கீழறுப்பு. இதில் ஒரு பொறி உண்டு. மில்காரர் கையில் எடுத்துக்கொண்டு வந்து காட்டுவது கடை விலை. அதில் டீலர் லாபம், லாரி வாடகை, மூன்று மாதக் கடனுக்கான வட்டி எல்லாம் ஏறியிருக்கும். அந்த விலையை எங்கள் ஆலை விலையோடு ஒப்பிட்டால் தட்டு சமமாக நிற்காது. இரு பக்கமும் ஒரே படியில் நின்று ஒப்பிட வேண்டும்.

கீழறுப்பு தெரியாமல் போனாலும் கதை முடிந்துவிடாது. அவன் விலைக்கு நாமும் இறங்கிவிட்டால் வித்தியாசம் காணாமல் போகும். அப்போது பார்க்க வேண்டியது, நம் விலை எவ்வளவு இறங்கியது என்பதும், கச்சா ரப்பரும் கார்பன் பிளாக்கும் ஏறியபோது நம்மால் விலையை ஏற்ற முடிந்ததா என்பதும். ஒரு ரோலுக்குச் செலவு 90 ரூபாய் ஏறி, விலையை 20 ரூபாய்தான் ஏற்ற முடிந்தது என்றால் மீதி 70 ரூபாய் எங்கே போனது என்று காட்ட வேண்டும். இங்கே எனக்குக் கைகொடுத்தது பழைய வாட்ஸ்அப் செய்திகள். விலை ஏற்றப்போகிறோம் என்று மில்களுக்கு அனுப்பியதும், ‘இறக்குமதி ரோல் இந்த விலைக்குக் கிடைக்குது’ என்று வந்த பதிலும் தேதியோடு இருந்தன. வாய்ச்சொல் எதுவும் கோப்பில் ஏறாது. தேதியுள்ள ஒரு வரி ஏறும்.

பாதிப்பை அளக்கச் சட்டம் ஒரு நீண்ட பட்டியல் வைத்திருக்கிறது. விற்பனை, லாபம், உற்பத்தி, சந்தைப் பங்கு, உற்பத்தித் திறன், முதலீட்டு வருமானம், திறன் பயன்பாடு, பண வரவு, சரக்கு இருப்பு, வேலைவாய்ப்பு, கூலி என்று போகும். எல்லாமே சரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் எல்லாவற்றையும் பற்றிச் சொல்ல வேண்டும். ஆள் எண்ணிக்கை குறையவில்லை என்றால் அதை மறைக்காதீர்கள். வேலை தெரிந்த ஆளை விட்டால் திரும்பக் கிடைக்க மாட்டார் என்பதால் அரைநாள் வேலை கொடுத்து வைத்திருந்தோம் என்று சம்பளப் பதிவேட்டைக் காட்டிச் சொன்னால் அதுவே ஒரு சான்று. சின்ன யூனிட்டுக்குப் பெரிய சிக்கல் வேறு இடத்தில். ரோலோடு சேர்த்து புஷ், கேஸ்கட் எல்லாம் ஒரே கொட்டகையில் ஓடும். லாப நஷ்டக் கணக்கு ஒன்றுதான் இருக்கும். அவர்கள் கேட்பது ரோலுக்கு மட்டுமான கணக்கு, அதுவும் நான்கு வருடத்துக்கு. மின்சாரத்தையும் பாய்லர் விறகையும் எந்த அடிப்படையில் பிரித்தோம் என்று காஸ்ட் அக்கவுன்டன்ட் சான்று தர வேண்டும். பிரஸ் ஓடிய நேரத்தை வைத்துப் பிரிப்பதுதான் எங்களுக்கு நின்றது. அதற்கு ஷிப்ட் நோட்டு வேண்டும். எங்கள் குழுவில் இரண்டு யூனிட்களிடம் மட்டும்தான் அது இருந்தது.

இத்தனையும் முடித்து அனுப்பினோம். குறைபாட்டுக் கடிதம் வந்தது. அதில் ஒரு கேள்வி என்னை உலுக்கிவிட்டது. உங்கள் விற்பனை சரிந்ததற்கு, காவிரி டெல்டாவில் நெல் விளைச்சல் குறைந்து தேவை சுருங்கியது காரணமில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? எங்கள் சொந்த மனுவிலேயே மில்கள் ஓடவில்லை என்று இரண்டு யூனிட்கள் எழுதியிருந்தன. அதுவும் உண்மைதான். 2022-இல் மேட்டூர் அணை மே 24-ஆம் தேதியே திறந்தது. 2023-இல் ஜூன் 12-இல் திறந்தும் தண்ணீர் போதாமல் குறுவை காய்ந்தது, அக்டோபரில் அணையை மூடினார்கள். 2024-இல் ஜூலை 28-இல்தான் திறந்தது. எங்கள் விசாரணைக் காலம், அதாவது டம்பிங் நடந்தது என்று மனுவில் தரவு காட்டிய காலம், 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை. வாணிபக் கழகத்துக்கு அரைக்கிற ஒரு மில்காரரிடம் நான் கடிதம் கேட்டபோது, “நெல்லே சரியா வரலீங்க, ரோலு வாங்கி என்ன செய்ய?” என்றார். அந்த ஒரு வாக்கியம் கடிதமாகப் போயிருந்தால் எங்கள் மனு அங்கேயே முடிந்திருக்கும்.

இதுதான் காரணத் தொடர்பின் மையம். டம்பிங் அல்லாத, தெரிந்த பிற காரணிகளையும் அதிகாரி ஆராய வேண்டும். தேவைச் சுருக்கம், நுகர்வு மாறுவது, டம்பிங் ஆகாத இறக்குமதி, வெளிநாட்டு, உள்நாட்டு உற்பத்தியாளர்களுக்கு இடையே உள்ள போட்டி, தொழில்நுட்ப மாற்றம், ஏற்றுமதி நிலை, உற்பத்தித் திறன் ஆகியவை விதியிலேயே இருக்கின்றன. அவற்றால் வந்த சேதத்தை டம்பிங்கின் தலையில் ஏற்றக் கூடாது. உலக வணிக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பு, 2001-இல் ஜப்பான் தொடுத்த அமெரிக்க ஹாட் ரோல்டு ஸ்டீல் வழக்கில் இதை அழுத்திச் சொன்னது: பிற காரணிகளின் சேதத்தை டம்பிங் சேதத்திலிருந்து பிரித்து, வேறுபடுத்திக் காட்ட வேண்டும். அதே சமயம், டம்பிங் மட்டுமே காரணமாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. தண்ணீர் இல்லாததும் காரணம், மலிவு ரோலும் காரணம் என்றால் மனு நிற்கும், இரண்டையும் தனித்தனியே அளந்து காட்டினால்.

எப்படி அளப்பது? 2022-23-இல் நாட்டின் மொத்தத் தேவை 1,00,000 ரோல் என்று வைப்போம். மனுதாரர்கள் விற்றது 53,000, மற்ற உள்நாட்டு யூனிட்கள் 32,000, அந்தக் குறிப்பிட்ட நாட்டு இறக்குமதி 12,000, பிற நாடுகள் 3,000. விசாரணைக் காலத்தில் தேவை 95,000. மனுதாரர்கள் 37,000, மற்ற யூனிட்கள் அதே 32,000, அந்த நாடு 23,000, பிற நாடுகள் 3,000. நாங்கள் இழந்தது 16,000 ரோல். எங்கள் பங்கு 53 சதவீதமாகவே இருந்திருந்தால் சுருங்கிய சந்தையிலும் 50,350 விற்றிருப்போம். ஆகவே தேவை குறைந்ததால் போனது 2,650 மட்டும். மீதி 13,350 பங்கு இழப்பு. அதை யார் எடுத்தார்கள் என்று இதே முறையில் பார்த்தால், மற்ற உள்நாட்டு யூனிட்கள் 1,600, பிற நாடுகள் 150, அந்த நாடு 11,600. தண்ணீருக்கு உரியதைத் தண்ணீருக்கு, போட்டிக்கு உரியதைப் போட்டிக்கு ஒதுக்கிவிட்டோம். அதன் பிறகும் பெரும்பகுதி மிஞ்சுகிறது. இந்த ஒரு பக்கக் கணக்கு முதல் மனுவிலேயே இருக்க வேண்டியது என்று எங்கள் ஆலோசகர் சொல்லவே இல்லை. மனுவில் அவர் எழுதியிருந்தது “பிற காரணிகள் எதுவும் பாதிப்பு ஏற்படுத்தவில்லை” என்ற ஒற்றை வாக்கியம். அப்படி எழுதினால் கேள்வி வந்தே தீரும்.

இதைவிட வலுவான சான்று ஒன்று விற்பனை நோட்டிலேயே கிடந்தது. மேட்டூர் தண்ணீர் பாயாத இடங்களுக்கும் எங்கள் ரோல் போகிறது: ஆந்திரா, ஒடிசா, சத்தீஸ்கர். டெல்டாவைத் தனியாகவும் மற்ற மாநிலங்களைத் தனியாகவும் பிரித்தேன். டெல்டாவுக்கு வெளியே தேவை 70,000-இலிருந்து 73,000-ஆக ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அங்கே எங்கள் விற்பனை 35,000-இலிருந்து 26,000-ஆக இறங்கியிருந்தது. அரவை நன்றாக நடந்த ஊரிலும் நாம் தோற்றிருக்கிறோம் என்றால் அதற்கு மேட்டூர் காரணமாக முடியாது. ஜிஎஸ்டி இன்வாய்ஸில் மாநிலக் குறியீடு இருப்பதால் இந்தப் பிரிப்பு ஒரு வார வேலைதான். இன்னொரு சரிபார்ப்பு காலத்தைப் பற்றியது. குறுவை அறுவடைக்குப் பிறகும், சம்பா நெல் வரும் தை மாசியிலும்தான் ரோல் ஓடும். அதனால் ஒரு காலாண்டை முந்தைய காலாண்டோடு ஒப்பிட்டால் பொய்யான ஏற்றமும் இறக்கமும் தெரியும். போன வருஷத்தின் அதே காலாண்டோடு வைத்துப் பாருங்கள். இறக்குமதி ஏறியதும் அதையடுத்து நம் விற்பனை இறங்கியதும் அந்த வரிசையில் தெரிய வேண்டும். விற்பனை முதலில் விழுந்து இறக்குமதி பிறகு ஏறியிருந்தால் காரணத் தொடர்பு அறுந்துவிட்டது என்று எதிர்த்தரப்பு அடித்துப் பேசும்.

எங்கள் குழுவில் சிலர், டெல்டாவை மட்டும் தனிச் சந்தையாகக் காட்டலாமே என்றார்கள். 11-ஆவது விதியின் மூன்றாம் உட்பிரிவில் அப்படி ஒரு வழி உண்டு. ஆனால் அது விதிவிலக்கான நிலைக்கு. டம்பிங் சரக்கு ஒரு தனித்த சந்தையில் குவிய வேண்டும், அந்தச் சந்தைக்குள் உள்ள ஏறக்குறைய எல்லா உற்பத்தியும் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். கும்பகோணத்து மில்காரர் கோயம்புத்தூரிலிருந்தும் ரோல் வாங்கலாம், நாமே ராய்ப்பூருக்கு அனுப்புகிறோம் எனும்போது டெல்டாவைத் தனித்த சந்தை என்று வாதாட முடியாது. அந்த யோசனையைக் கைவிடுங்கள் என்று சொல்லி நிறுத்தினேன்.

வரி எவ்வளவு வரும் என்பதிலும் தண்ணீர் வந்து நிற்கும். இந்தியா டம்பிங் அளவு, பாதிப்பு அளவு இரண்டில் எது குறைவோ அந்த அளவுக்குத்தான் வரி போடுகிறது. பாதிப்பு அளவுக்கு ஒரு பாதிப்பில்லா விலையைக் கணக்கிடுவார்கள். அதில் நம் உண்மைச் செலவு அப்படியே ஏறாது. முந்தைய வருடங்களில் நாம் அதிகபட்சமாக ஆலையைப் பயன்படுத்திய அளவை எடுத்து, அந்த உற்பத்திக்கு நிலையான செலவைப் பங்கிடுவார்கள். மூலப்பொருள், மின்சாரத்திலும் நம்முடைய சிறந்த வருடம்தான் கணக்கு. ஈடுபட்ட மூலதனத்துக்கு 22 சதவீத வருமானம் சேர்ப்பார்கள். ஆக, கொட்டகை பாதி நாள் சும்மா கிடந்ததால் ஏறிய வாடகையும் வட்டியும் வெளிநாட்டுக்காரன் மேல் ஏறாது. பாதிப்பில்லா விலை 1,200 என்று வந்தால், லேண்டட் விலை 1,110-ஐக் கழித்து 90 ரூபாய்தான் வரி. டம்பிங் 300 ரூபாய் என்று நிரூபித்திருந்தாலும் 90-தான். இதை மனு போடும் முன்பே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். கழித்து வருவது பூஜ்யத்துக்குக் கீழே போனால் வரியும் இல்லை.

குறைபாட்டுக் கடிதத்துக்கு நாங்கள் பதில் தயாரித்து முடிப்பதற்குள் கெடு தாண்டியது. விசாரணை தொடங்கும் தேதியில், விசாரணைக் காலம் முடிந்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. மார்ச்சில் முடிந்த தரவுக்கு செப்டம்பர் இறுதிதான் எல்லை. அதைத் தாண்டினால் இறக்குமதித் தரவை மறுபடி காசு கொடுத்து வாங்கி, எல்லா யூனிட்டின் கணக்கையும் புதுக் காலத்துக்கு மாற்றிச் சான்று வாங்க வேண்டும். அதிகாரிகள் கேள்வி கேட்கத்தான் செய்வார்கள். அதற்குப் பதில் சொல்லவும் கால அவகாசம் வேண்டும். நிதியாண்டு முடிந்த இரண்டே மாதத்தில் மனு உள்ளே போயிருக்க வேண்டும். விசாரணை தொடங்கிய பிறகும் இறுதி முடிவுக்கு ஒரு வருடம், தேவைப்பட்டால் மேலும் ஆறு மாதம் ஆகும். அதுவும் பரிந்துரைதான். வரி போடுவதா என்று நிதி அமைச்சகம் முடிவு செய்யும். அதுவரை தாக்குப்பிடிக்க வங்கிக் கணக்கில் பணம் இருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

டம்பிங்கை விட்டுவிட்டு மானிய எதிர்ப்பு வரிக்குப் போகலாமா என்று கேட்டவர்களும் உண்டு. அதில் அந்த நாட்டு அரசின் எந்தத் திட்டம், அதில் என்ன பண உதவி, யாருக்கு மட்டும் கிடைக்கிறது, அதனால் என்ன ஆதாயம் என்று திட்டம் திட்டமாகக் காட்ட வேண்டும். விசாரணை தொடங்கும் முன் அந்த அரசைப் பேச்சுவார்த்தைக்கு அழைப்பார்கள். நம்மைப் போன்ற யூனிட்டுக்கு அந்த ஆவணம் திரட்டுவது கடினம். பாதிப்பு, காரணத் தொடர்பு இரண்டிலும் அங்கேயும் இதே சோதனைதான். வேதாரண்யம், சீர்காழி பக்கம் இறால் பண்ணை வைத்திருப்பவர்கள் இதை மறுபக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார்கள். 2013-இல் அமெரிக்க வணிகத் துறை இந்திய இறாலுக்கு மானியம் இருக்கிறது என்று முடிவு சொன்னது. ஆனால் அந்நாட்டின் பன்னாட்டு வணிக ஆணையம் தங்கள் தொழிலுக்கு அதனால் பாதிப்பு இல்லை என்று வாக்களித்ததால் வரி வரவில்லை. 2024-இல் ஆணையமும் பாதிப்பு உண்டு என்றதால் வரி வந்தது, பெரும்பாலான இந்திய ஏற்றுமதியாளர்களுக்கு 5.77 சதவீதம்.

இப்போது புதிய காலத்துக்குத் தரவு சேர்க்கிறோம். ஒவ்வொரு யூனிட்டிலும் பிரஸ் ஓடிய நேரத்துக்கு நோட்டு போட்டாகிவிட்டது. விற்பனை மாநில வாரியாக மாதாமாதம் என்னிடம் வருகிறது. மில்காரர்களிடம் கடிதம் கேட்கும்போது இரண்டு கேள்விகளைப் பிரித்துக் கேட்கிறேன்: இந்தப் பருவத்தில் எத்தனை டன் அரைத்தீர்கள், அதற்கு வாங்கிய ரோலில் எத்தனை வெளிநாட்டு ரோல், என்ன விலைக்கு. அரவை குறைந்தது முதல் பதிலில் தெரிந்துவிடும். அந்த அரவைக்குள்ளும் எங்கள் இடத்தை யார் பிடித்தது என்பது இரண்டாவதில் தெரியும்.